வாங்குபவரின் புகார்ப் படிவம்: மூலகாரணமும் திருத்த நடவடிக்கையும்

வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் சரக்கு அனுப்பும் நெசவாளர் சங்கங்களுக்கு, சரக்கில் குறை கண்டபொழுது வரும் கடிதத்துடன் இக்காலத்தில் ஒரு படிவமும் சேர்ந்து வருகின்றது. கடிதத்தில் குறை இன்னதென்று எழுதியிருக்கும். படிவத்திலோ ஐந்தாறு கட்டங்கள் வெறுமையாக இருக்கும். அவற்றைச் சங்கம் பூர்த்தி செய்து, குறித்த நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். அதுவரை பாக்கிப் பணம் நிற்கும். அடுத்த உத்தரவும் நிற்கும். ஆகவே படிவத்தைப் பூர்த்தி செய்வது தறிக்காரரின் கூலியைத் தொடும் காரியமாகும்.

இப்படிவத்தில் வரும் சொற்கள் ‘கரெக்ஷன்’, ‘ரூட் காஸ்’, ‘கரெக்டிவ் ஆக்ஷன்’, ‘பிரிவென்டிவ் ஆக்ஷன்’ என்பன. உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனத்தில் தறிக்காரர், பாவு ஓட்டுபவர், சாயமிடுபவர், மடிப்புப் பார்ப்பவர் ஆகியோர் அடங்கிய உற்பத்திக் குழுவினருக்கு இச்சொற்களை விளக்க நேர்ந்தது. அகராதியைப் பார்த்து ‘மூலகாரணம்’ என்றும் ‘திருத்த நடவடிக்கை’ என்றும் பெயர்த்துச் சொன்னவுடன் முதலில் எழுந்த கேள்வி, “யார்மேல் நடவடிக்கை எடுக்கச் சொல்கிறார்கள், ஐயா?” என்பதுதான்.

கேட்டவர்மேல் பிழையில்லை. தமிழில் ‘நடவடிக்கை எடுத்தல்’ என்பது ஒரு மனிதர்மேல் எடுக்கப்படுவதையே குறித்து வழங்குகின்றது. நோட்டீசு, அபராதம், வேலை நீக்கம் ஆகியவையே அச்சொல்லைக் கேட்டவுடன் மனத்தில் தோன்றும். ‘காரணம்’ என்ற சொல்லும் அவ்வாறே. “இதற்கு யார் காரணம்?” என்று கேட்டே பழகியிருக்கிறோம். ஆகவே ‘மூலகாரணம் எழுதுக’ என்றால் குற்றவாளியின் பெயரை எழுதச் சொல்வதாகவும், ‘திருத்த நடவடிக்கை எழுதுக’ என்றால் அவருக்குக் கொடுத்த தண்டனையை எழுதச் சொல்வதாகவும் குழுவினர் எண்ணுவது இயல்பு. அவ்வாறு எண்ணியவர்கள் உண்மையைச் சொல்லமாட்டார்கள். உண்மை வெளிவராத படிவத்தை வாங்குபவர் ஏற்கமாட்டார். மொழிபெயர்ப்பில் நேர்ந்த இச்சிறு கோணலே பல படிவங்கள் திரும்பி வருவதற்குக் காரணமாக இருக்கின்றது என்பது என் எண்ணம்.

இச்சொற்களுக்குப் பொருளை வகுத்துத் தருவது ஐ.எஸ்.ஓ. 9000 என்னும் சர்வதேசத் தரநியமம். அதன் 2015-ஆம் ஆண்டுப் பதிப்பின்படி ‘கரெக்ஷன்’ என்பது கண்ட குறையை நீக்குவது. ‘கரெக்டிவ் ஆக்ஷன்’ என்பது அக்குறையின் காரணத்தை நீக்கி, அது மீண்டும் வராமற் செய்வது. இரண்டிலும் ஆளைப் பற்றிய பேச்சே கிடையாது. குழுவினரிடம் பேசும்பொழுது முன்னதை ‘உடனடிச் சரிசெய்தல்’ என்றும், பின்னதை ‘மீளாமல் தடுக்கும் ஏற்பாடு’ என்றும் சொல்வதே நலம். ‘நடவடிக்கை’ என்ற சொல்லை அலுவலகக் கோப்பில் வைத்துக்கொள்ளலாம். தறிமேடைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை.

பயிர் செய்யும் அங்கத்தினருக்கு இவ்வேற்றுமை எளிதில் விளங்கும். மணிலாக்கொட்டையில் பூஞ்சணம் பிடித்திருப்பதாக வியாபாரி மூட்டையைத் திருப்பிவிட்டால், கெட்ட பருப்பைப் பொறுக்கி எறிவது உடனடிச் சரிசெய்தல். காயின் ஈரம் நூற்றுக்கு எட்டுப் பங்கு அளவுக்கு இறங்கும்வரை உலர்த்திய பிறகே மூட்டை கட்டுவது என்று களத்தில் ஒழுங்கு செய்வது மீளாமல் தடுக்கும் ஏற்பாடு. முன்னதை மட்டும் செய்தவர் அடுத்த அறுவடையிலும் பொறுக்கிக்கொண்டுதான் இருப்பார்.

இனி ஒரு புகாரை எடுத்துக்கொண்டு படிவத்தின் கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம். கணக்கு எளிதாக விளங்கும் பொருட்டு அமைத்துக்கொண்ட உதாரணம் இது. ஒரு சங்கம் வெள்ளை உடலும் சிவப்புக் கரையும் உள்ள 1,200 பருத்தித் துவாலைகளை நெய்து அனுப்பியது. வாங்குபவர் அவற்றிலிருந்து 50 துவாலைகளை எடுத்துத் துவைத்துப் பார்த்தார். 23 துவாலைகளில் கரையின் சிவப்பு ஓடி வெள்ளையில் இளஞ்சிவப்பாகக் கறை படிந்தது. உடனே புகாரும் படிவமும் வந்தன.

முதற்கட்டம் குறையை விவரிக்கக் கேட்கின்றது. ‘சாயம் சரியில்லை’ என்று எழுதினால் போதாது. எந்த நிறம், துவைத்தபொழுதா உலர்ந்து தேய்த்தபொழுதா, எத்தனையில் எத்தனை, எல்லாத் தறியிலும் வந்ததா சிலவற்றில் மட்டும் வந்ததா என்று எழுத வேண்டும். கடைசிக் கேள்வியே மிக முக்கியமானது. 50-இல் 23 என்றால் ஏறக்குறையப் பாதி. பாதிச் சரக்கு நன்றாகவும் பாதி கெட்டும் இருக்குமானால், அவ்விரு பாதிகளுக்கும் இடையே வேறுபட்டது எது என்று தேடலாம். சங்கத்தின் நூல் வழங்கு பேரேட்டைப் பார்த்தபொழுது, சிவப்பு நூல் 40 கிலோ மூன்று ஈடுகளாகச் சாயமிடப்பட்டது தெரிந்தது. முதல் இரண்டு ஈடுகள் பத்துப் பத்துக் கிலோ. மூன்றாம் ஈடு மட்டும் 20 கிலோ. அதாவது பாதி நூல். அந்த நூல் ஏறிய தறிகளின் துவாலைகளே கறை பட்டவை. பேரேடு ஒழுங்காக எழுதப்பட்டிராவிட்டால் இந்த உண்மை ஒருநாளும் கிடைத்திராது.

இரண்டாம் கட்டம் உடனடிச் சரிசெய்தல். இங்கே தாமதம் கூடாது. காரணம் தெரியும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கிடங்கில் மீந்துள்ள துவாலைகளையும், தறியில் ஏறியிருக்கும் பாவையும், சாயமிட்டு வைத்திருக்கும் சிட்டங்களையும் ஈடுவாரியாகப் பிரித்துத் தனியே வைத்து, ‘அனுப்பக்கூடாது’ என்று சீட்டுக் கட்ட வேண்டும். நெய்யப்படாத சிட்டங்களை மறுபடியும் சோப்பிட்டுக் கொதிக்க வைத்து மீட்டுக்கொள்ளலாம். நெய்த துவாலையை அவ்வாறு கொதிக்க வைத்தால் வெளியேறும் சாயம் வெள்ளை உடலிலேயே படியக்கூடும். ஆதலால் முதலில் ஒன்றைச் செய்து பார்த்துவிட்டே மற்றவற்றைத் தொட வேண்டும். அனுப்பிய சரக்குக்கு மாற்று அனுப்புவதா, விலையைக் குறைத்துக்கொள்வதா என்பதும் இக்கட்டத்தில் சேரும். பல சங்கங்கள் இத்துடன் நின்றுவிட்டு, இதையே நான்காம் கட்டத்திலும் ஒருமுறை எழுதி அனுப்பிவிடுகின்றன. அவ்வாறு எழுதிய படிவம் நிச்சயமாகத் திரும்பி வரும்.

மூன்றாம் கட்டம் மூலகாரணம். இதைக் கண்டுபிடிப்பதற்கு உலகம் முழுவதும் வழங்கும் ஒரு முறை, ‘ஏன்?’ என்று அடுத்தடுத்துக் கேட்டுக்கொண்டு போவதாகும். ஜப்பானில் சகிச்சி டொயோடா (1867–1930) என்பவர் முதலில் இதைக் கையாண்டதாகச் சொல்வர். மோட்டார்க் கார் செய்யும் கம்பெனியின் பெயரோடு இணைந்துவிட்ட இவர் உண்மையில் தறி செய்தவர். நூல் அறுந்தவுடன் தானாகவே நின்றுவிடும் தறியைச் செய்தவர் என்றால், நம் அங்கத்தினருக்கு அவர்மேல் தனிப் பிரியம் ஏற்படக்கூடும். அறுந்த நூலுடன் தொடர்ந்து நெய்து பிறகு குறை தேடுவதைவிட, அறுந்த இடத்திலேயே நின்று ஏனென்று பார்ப்பது என்ற எண்ணம் அந்தத் தறியிலேயே இருக்கின்றது. அவருடைய நூற்பு நெசவாலையில் 1932-இல் வேலைக்குச் சேர்ந்து, பின்னர்க் கார்க் கம்பெனிக்குச் சென்ற தைச்சி ஓனோ என்பவர் இம்முறையை விளக்கி எழுதிப் பிரபலமாக்கினார்.

நம் உதாரணத்தில் கேட்டுப் பார்ப்போம். சிவப்பு ஏன் ஓடியது? நூலுடன் பிணையாத சாயம் நூலில் தங்கியிருந்தது. இது சாயத்தின் இயல்பை அறிந்தாலன்றி விளங்காது. இக்காலத்தில் பருத்தி நூலுக்கு மிகுதியாக இடப்படும் ‘ரியாக்டிவ்’ சாயம் சோடாவின் உதவியால் நூலுடன் பிணைந்துவிடுகின்றது. பிணைந்தது எளிதில் ஓடாது. ஆனால் இட்ட சாயம் முழுவதும் பிணைவதில்லை. சாயத்தின் வகையைப் பொறுத்து, நூற்றுக்கு இருபது முதல் நாற்பது பங்கு வரைகூடப் பிணையாமல் நிற்கும். அடர்ந்த சிவப்புக்குச் சாயம் அதிகம் வேண்டுமாதலால், பிணையாமல் நிற்பதும் அதிகம். அதைக் கழுவி வெளியேற்றுவதே சாயவேலையின் பின்பாதி. முதலில் குளிர்ந்த நீரில் அலசி உப்பைப் போக்க வேண்டும். உப்பு நூலில் இருக்கும்வரை பிணையாத சாயமும் நூலை விடாமல் பற்றிக்கொண்டிருக்கும். பிறகு சோப்புக் கரைசலில் நன்கு கொதிக்க வைத்து, மறுபடி அலசி, நீர் தெளியும்வரை திரும்பவும் செய்ய வேண்டும். உப்புக் கலந்த கடினமான கிணற்றுநீரில் இவ்வேலை இன்னும் மந்தமாகவே நடக்கும்.

பிணையாத சாயம் ஏன் தங்கியது? 10 கிலோவுக்கு உரிய அண்டாவில் 20 கிலோ போடப்பட்டது. ஒரு கிலோ நூலுக்கு 20 லிட்டர் என்ற கணக்கில் 200 லிட்டர் நீர் கொள்ளும் அண்டா அது. இரட்டிப்பு நூலைப் போட்டபொழுது கிலோவுக்குப் பத்து லிட்டரே கிடைத்தது. உப்பு சரியாகப் போகவில்லை. சோப்பிட்டுக் கொதிக்க வைத்ததும் ஒரே முறை.

ஏன் இருபது கிலோ போடப்பட்டது? வெள்ளை நூல் நான்கு நாள் தாமதித்து வந்தது. சரக்கு அனுப்பும் தேதி மாறவில்லை. மேலும் சாயமிடுபவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி; ஈட்டின் அளவுக்கு வரம்பு ஏதும் விதிக்கப்படவில்லை. இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, ‘சாயமிடுபவரின் கவனக்குறைவு’ என்று எழுதி அவரை விலக்கிவிடுவதே வழக்கம். நம் உதாரணத்திலும் நிர்வாகக் கமிட்டியில் அவ்வாறு ஒரு தீர்மானம் கொண்டுவரப்பட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். அவரை விலக்கி வேறொருவரை வைத்தால், அடுத்த மழைக்காலத்தில் நூல் தாமதித்து வரும்பொழுது புதியவரும் இருபது கிலோ போடுவார். ஆளை மாற்றியும் குறை வருமானால், கண்டுபிடித்தது மூலகாரணம் அன்று. இதுவே சோதனை.

ஆகவே மேலும் கேட்க வேண்டும். ஈட்டின் வரம்பும் கழுவும் முறையும் ஏன் விதிக்கப்படவில்லை? சங்கம் சாயமிடுபவருக்குக் கொடுக்கும் உத்தரவுச் சீட்டில் நிறம், நூல் எண், எடை, தேதி ஆகிய நான்கே இருந்தன. சலவைக்குச் சாயம் எவ்வளவு தாங்க வேண்டும் என்பது அதில் இல்லை. ஏன் இல்லை? வாங்குபவரின் உத்தரவில் அது மூன்றாம் பக்கத்தில், இணைப்பாக, ஆங்கிலத்தில் இருந்தது. சலவைக் கறைக்கு நான்காம் தரத்துக்குக் குறையக்கூடாது என்று அங்கே தெளிவாக எழுதியிருந்தது. (இத்தரம் ஒன்று முதல் ஐந்து வரை, ஐந்தே சிறந்தது.) முதற்பக்கத்தை மட்டும் பார்த்துச் சீட்டு எழுதப்பட்டது. இணைப்பைத் தமிழில் எழுதி உற்பத்திக் குழுவுக்குக் கொடுப்பது யாருடைய வேலை என்று சங்கத்தில் ஏற்பாடே இல்லை.

இங்கே நிறுத்தலாம். ஐந்து முறை என்பது கணக்கன்று. மூன்றிலும் முடியலாம், ஏழுக்கும் போகலாம். சங்கத்தால் மாற்றக்கூடிய ஓர் ஏற்பாட்டை அடைந்ததும் நிறுத்த வேண்டும். அதற்கு மேலும் கேட்டுக்கொண்டு போனால் வெள்ளைக்காரர் ஆட்சிக்கும் பருவமழைக்கும் போய்ச் சேருவோம். அவற்றைப் படிவத்தில் எழுதி என்ன பயன்?

மற்றொரு கிளையும் உண்டு. குறை எப்படி உண்டாயிற்று என்பது ஒரு கேள்வி. அது எப்படிக் கண்ணுக்குத் தப்பி வெளியே போயிற்று என்பது இன்னொரு கேள்வி. அனுபவமுள்ள வாங்குபவர் இரண்டுக்கும் விடை எதிர்பார்ப்பார். மடிப்புப் பார்ப்பவர் அகலம், நீளம், இழை நெருக்கம், அறுந்த இழை, எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் பார்த்தார். ஆனால் அனைத்தையும் உலர்ந்த துணியிலேயே பார்த்தார். நனைத்துப் பார்க்கச் சொல்லும் வரி அவருடைய பட்டியலில் இல்லை. உலர்ந்த துணியில் ஓடும் சாயமும் ஓடாச் சாயமும் ஒன்றுபோலவே தோன்றும்.

காரணத்தை எழுதுமுன் அதைச் செய்து பார்த்து நிச்சயிக்க வேண்டும். மூன்றாம் ஈட்டில் மீந்த சிட்டம் ஒன்றை எடுத்து, முறைப்படி அலசி, இரண்டு மூன்று முறை சோப்பிட்டுக் கொதிக்க வைத்து, வெள்ளைத் துணியுடன் சேர்த்துச் சோதிக்கலாம். ஓட்டம் நின்று நிறமும் ஏறக்குறைய அப்படியே இருந்தால், கழுவியது போதாது என்ற முடிவு உறுதியாகும். ஓட்டம் நின்று நிறம் மிகவும் வெளுத்துவிட்டால், சாயம் சரியாகப் பிணையவே இல்லை. சோடாவிலும் சூட்டிலும் நேரத்திலும் குறையைத் தேட வேண்டும். எத்தனை முறை கொதிக்க வைத்தாலும் நீர் சிவந்துகொண்டே இருந்தால், இடப்பட்டது ரியாக்டிவ் சாயம்தானா என்று சாயப் பெட்டியைப் பார்க்க வேண்டும். மலிவான ‘டைரக்ட்’ சாயம் அவ்வாறு ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று விடைகளுக்கும் பரிகாரம் வெவ்வேறு. சோதிக்காமல் ஒன்றை ஊகித்து எழுதினால், செலவு செய்தும் குறை நீங்காது.

சாயம் ஓடியது என்ற ஒரே குறைக்கு மூலகாரணம் வேறாக இருக்கக்கூடும் என்பதற்கு நம் மாநிலத்தின் பழைய பெயரைத் தாங்கிய துணியே சாட்சி. 1958-இல் வில்லியம் ஜேக்கப்சன் என்னும் அமெரிக்க வியாபாரி, கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர் மூலமாகச் சென்னைக் கட்டம் போட்ட கைத்தறித் துணியை வாங்கிச் சென்றார். அது புரூக்ஸ் பிரதர்ஸ் கடைகளில் உடுப்பாக விற்பனையாயிற்று. இயற்கைச் சாயமிட்ட அத்துணியைத் தனியாகக் குளிர்ந்த நீரில் துவைக்க வேண்டும். அக்குறிப்பு உடுத்துபவருக்குப் போய்ச் சேரவில்லை. மற்றத் துணிகளோடு சலவை யந்திரத்தில் போட்டார்கள், சாயம் ஓடியது, புகார் குவிந்தது. நாயர் பின்னாளில் விவரித்தபடி, வழக்கு என்றுகூடப் பேச்சு வந்து, முடிவில் சாயம் கரைந்து மங்குவதே இத்துணியின் சிறப்பு என்று விளம்பரம் செய்து அதை மேலும் பிரபலமாக்கினார்கள். அங்கே சாயமிடுபவர் எந்தப் பிழையும் செய்யவில்லை. துவைக்கும் குறிப்பு துணியோடு பயணம் செய்யாததே காரணம். நம் உதாரணத்திலும் ஒரு பக்கக் குறிப்பு எதிர்த்திசையில் பயணம் செய்யாமல் நின்றுவிட்டது. விளம்பரத்தால் தப்பித்துக்கொள்ளும் அதிர்ஷ்டம் வெள்ளைத் துவாலைக்குக் கிடையாது!

நான்காம் கட்டம் மீளாமல் தடுக்கும் ஏற்பாடு. இதில் எழுதக்கூடாதவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘சம்பந்தப்பட்டவர் எச்சரிக்கப்பட்டார்’, ‘இனிமேல் கவனமாக இருப்போம்’, ‘பயிற்சி அளிக்கப்பட்டது’ என்னும் மூன்றும் படிவம் திரும்பி வருவதற்குப் போதுமானவை. காரணத்துக்கும் ஏற்பாட்டுக்கும் நேரான தொடர்பு இருக்க வேண்டும். இணைப்பு தமிழில் வரவில்லை என்பது காரணமானால், உத்தரவு வந்த மூன்று நாட்களுக்குள் அதன் எல்லாப் பக்கங்களையும் தமிழில் எழுதி, உற்பத்திக் குழுவுக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்துப் பெறுவது காரியதரிசியின் பொறுப்பு என்று தீர்மானிக்கலாம். உத்தரவுச் சீட்டில் சலவைத் தரம், ஈட்டின் உச்ச அளவு 10 கிலோ, இரண்டு முறை சோப்புக் கொதிப்பு ஆகியவற்றுக்குத் தனி வரிகள் சேர்க்கலாம். ஒவ்வோர் ஈட்டிலும் ஒரு சிட்டத்தைச் சோதித்த பிறகே பாவுக்கு நூல் வழங்குவது என்றும், சோதனை முடிவைப் பேரேட்டில் பதிவது என்றும் விதிக்கலாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே பொறுப்பாளரின் பெயரும் நாளும் வேண்டும்.

சோதனை கடினமானதன்று. லிட்டருக்கு ஐந்து கிராம் சோப்பும் இரண்டு கிராம் சோடாவும் கரைத்த நீரை 60 பாகைச் சூட்டில் வைத்து, சாய நூலை வெளுத்த வெள்ளைத் துணியில் தைத்து, 30 நிமிடம் அதில் அலைத்து, அலசி உலர்த்திப் பார்க்கலாம். ஆய்வுக்கூடச் சோதனை ஒன்றைத் தழுவியதே இது. தரத்தை எண்ணாகத் தீர்மானிக்கச் சாம்பல்நிற அளவுகோலும் பழகிய கண்ணும் வேண்டுமாதலால், முதற் சில ஈடுகளின் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கும் அனுப்பி, சங்கத்தின் தீர்ப்பு அத்துடன் ஒத்திருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்வது நல்லது.

கூலியையும் இங்கே பேசாமல் விடலாகாது. 20 கிலோவை ஒரே ஈடாகப் போட்டவருக்கு விறகும் அரைநாள் வேலையும் மிஞ்சின. இனி இரண்டு ஈடு, இரண்டு கொதிப்பு என்று விதித்துவிட்டுக் கிலோக் கூலியைப் பழையபடியே வைத்தால், அந்த விதி சீட்டில் மட்டும் இருக்கும். கூடுதல் விறகு, சோப்பு, வேலை ஆகியவற்றைக் கணக்கிட்டு அடர் நிறங்களுக்குத் தனிக் கூலி நிர்ணயிப்பதும் மீளாமல் தடுக்கும் ஏற்பாட்டைச் சேர்ந்ததே. கமிட்டியார் இதைப் படிவத்தில் எழுதத் தயங்குவர். என் அபிப்பிராயத்தில் மற்ற எல்லா வரிகளையும் தாங்கி நிற்கும் வரி அதுதான்.

‘பிரிவென்டிவ் ஆக்ஷன்’ என்ற கட்டம் சில படிவங்களில் இருக்கும். இன்னும் நேராத குறையை முன்கூட்டித் தடுப்பது என்று பொருள். ஐ.எஸ்.ஓ. 9001 தரநியமத்தில் தனித் தலைப்பாக இருந்த இது 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில் எடுக்கப்பட்டு, அபாயங்களை முன்கூட்டி எண்ணித் திட்டமிடுதல் என்ற பொதுக் கடமையில் அடங்கிவிட்டது. ஆயினும் பழைய படிவங்கள் வழக்கிலிருக்கின்றன. நம் உதாரணத்தில் அந்தக் கட்டத்துக்கு உரிய விடை: கருநீலத்துக்கும் கறுப்புக்கும் இதுவரை புகார் வரவில்லை எனினும் அவையும் அடர் நிறங்களாதலால் அவற்றுக்கும் இந்தச் சீட்டும் சோதனையும் பொருந்தும் என்பதாகும்.

கடைசிக் கட்டம், ஏற்பாடு பலித்ததா என்று சரிபார்த்தல். படிவத்தை அனுப்பிய அன்றே ‘பலித்தது’ என்று எழுதிவிட முடியாது. அடுத்து வரும் மூன்று சிவப்பு ஈடுகளின் சோதனைத் துணிகளைப் பேரேட்டில் ஒட்டி வைத்து, மூன்றும் நான்காம் தரத்துக்குக் குறையாமல் இருந்தால் அவற்றின் நகலுடன் எழுதலாம். மூன்றில் ஒன்று தவறினாலும் மூன்றாம் கட்டத்துக்குத் திரும்பிச் சென்று, எந்த ‘ஏன்’-இல் வழி மாறினோம் என்று பார்க்க வேண்டியதுதான். அதுவரை இக்கட்டத்தில் ‘சோதனை நடைபெறுகின்றது, முடிவு இன்ன தேதிக்குள் தெரிவிக்கப்படும்’ என்று மட்டும் எழுதி அனுப்பலாம், அவ்வாறு எழுதுவது முறையே.